ஏழாவது வரியில் ஒரு சிம்

என் கணவர் பரிதிக்கு எதையும் தொடங்கத் தெரியும். நிறுத்தத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நோய்க் குறிப்பாகச் சொல்கிறேன். நான் நர்ஸ்.

கல்யாணத்துக்கு முன்பே இந்த அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று அவர் கைபேசி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. வேலை நிறைய போல என்று என் அப்பா மகிழ்ந்துபோனார். அத்தனையும் ஏதேதோ ஆப்களின் அறிவிப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் மாதம் இலவசம் என்று யார் கூப்பிட்டாலும் போய்விடுவார். இரண்டாம் மாதம் காசு பிடிப்பார்கள். பிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

அவர் ஊர் குத்தாலத்திலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். மாமா சாமிதுரை இருபத்தைந்து வயது வரை அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். பிறகு அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று துண்டு துண்டாக வாங்கி, இன்று அவர் பேரில் இரண்டரை ஏக்கருக்குப் பட்டா இருக்கிறது. அவர் மகன் பரிதி டிப்ளமோ படித்து, தஞ்சாவூரில் அறுவடை எந்திரம் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் அதே தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். பதினான்கு மாதம் ஜெர்மன் படித்து, லைப்சிக் நகரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அங்கே என் படிப்பை அவர்கள் அங்கீகரிக்கும் வரை உதவியாளர் சம்பளம்தான். அதில் இரண்டு பேர் சாப்பிட வேண்டும். அவருக்கு அங்கே போய்த்தான் வேலை தேட வேண்டும்.

ஆகவே, புறப்பட மூன்றரை வாரம் இருக்கும்போது, நான் எக்செல் திறந்தேன்.

மே மாத வெயில். மாமா வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நான், என் மடிக்கணினி, எனக்கு எதிரே குற்றவாளி. ஓரமாக அத்தை அம்சம் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாமாவும் அப்போதுதான் வயலிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"உங்க போன குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"உங்க கணக்குலேர்ந்து மாசா மாசம் யாரு யாரு சம்பளம் வாங்கறாங்கன்னு பாக்கணும்."

யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு மூலை உண்டு. நாம் எப்போதோ ஒரு முறை ரகசிய எண்ணைத் தட்டி ஒப்புக்கொண்டவை எல்லாம் அங்கே வரிசையாகக் குடியிருக்கும். பரிதியின் மூலையில் ஆறு குடித்தனம். கார்டில் இன்னும் இரண்டு. பாட்டு ஆப் இரண்டு. ஒன்று விளம்பரம் இல்லாமல் கேட்பதற்கு, இன்னொன்று முதலாவதை மறந்துவிட்டதால். உடற்பயிற்சி ஆப் ஒன்று.

"இத நான் அப்பவே அழிச்சிட்டேனே" என்றார்.

"எத?"

"ஆப்ப."

"ஆப்ப அழிச்சா ஆட்டோபே போயிடுமா? வாடக வீட்டுக் கதவப் பூட்டிட்டு வந்துட்டா வாடக நின்னுடுமா?"

"மெசேஜ் வரும்ல?"

வரும். ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, பிடிப்பதற்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்னால் தகவல் தர வேண்டும் என்று. அவர்கள் ஒழுங்காகத்தான் தந்திருக்கிறார்கள். படிக்காமல் கிடந்த குறுஞ்செய்திகள் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம்.

ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். தட்டும் போதெல்லாம் சொந்தக்காரரை வழியனுப்புகிற முகம். அப்போது ஒரு பெயர் கண்ணில் பட்டது. திருமணத் தகவல் மையம். சிறப்பு உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு. கடைசியாகப் போன மாதம்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம்.

"இது என்னங்க?"

பரிதி அத்தையைப் பார்த்தார். அத்தை மாங்காயைப் பார்த்தார்.

"நாந்தான்மா அப்ப போடச் சொன்னேன்" என்றார் அத்தை. "ஒன்ன கண்டுபிடிச்சதே அதுலதானே."

"கண்டுபிடிச்சாச்சுல்ல அத்த? அதுக்கப்பறம் மூணு தடவ எதுக்குக் கட்டியிருக்காரு? ஸ்பேருக்கா?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அவர் தோள் குலுங்கியது இங்கிருந்தே தெரிந்தது.

வெட்டுகிற இடத்தில் வெட்டினாலும் நான் நியாயமானவள். அவருடைய கிளவுட் ஸ்டோரேஜை வெட்டவில்லை. கல்யாணப் படங்களும் வீடியோவும் இலவச இடத்தைத் தாண்டி நிரம்பியிருந்தன. சந்தாவை நிறுத்தினால் படம் உடனே அழியாது, ஆனால் இடம் இல்லாததால் புது மின்னஞ்சல் எதுவும் வராமல் நின்றுவிடும். விசா அலுவலகத்துக்கு அந்த மின்னஞ்சல்தான் கொடுத்திருந்தோம். அதனால் மாதம் நூற்று முப்பது ரூபாய்க்கு உயிர்ப்பிச்சை. மாமா வீட்டு டி.டி.எச். இருக்கட்டும். என் சிம் இருக்கட்டும், பரிதியின் முதல் சிம்மும் இருக்கட்டும். வங்கி ஓ.டி.பி. எல்லாம் அவற்றுக்குத்தான் வரும். வெளிநாட்டில் குறுஞ்செய்தி வாங்கக் காசு இல்லை, ரோமிங் மட்டும் திறந்திருந்தால் போதும் என்று விசாரித்து, இரண்டுக்கும் புறப்படுமுன்பே திறந்து வைத்தேன். இவ்வளவு முன்யோசனை உள்ள பெண் குத்தாலம் ஒன்றியத்திலேயே கிடையாது என்று எனக்கே ஒரு எண்ணம்.

மீதி இரண்டு வரி. ஏழாவது, பரிதியின் இரண்டாவது சிம், இருபத்தெட்டு நாளுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். எட்டாவது, கிரிக்கெட் பார்க்கும் ஆப், வருடத்துக்கு ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.

"ரெண்டாவது சிம் எதுக்கு?"

"அது... இருக்கட்டுமே. எதுக்காவது ஆவும்."

"எதுக்கு ஆவும்னு கேக்கறேன்."

"படிக்கிறப்போ வாங்கினது. பழைய நம்பரு. யாரு யாருகிட்டயோ குடுத்திருக்கேன்."

"யாரு யாருகிட்ட?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதைச் சொல்லியாக வேண்டும். நெற்றியைச் சுருக்கி, மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஞாபகம் இல்ல" என்றார்.

"எதுக்காவது ஆவும்கறது ஒரு காரணமா? வருஷத்துக்குப் பதிமூணு தடவ ரீசார்ஜ். ரெண்டாயிரத்தி ஐந்நூத்தி எண்பத்தேழு. இருபத்தஞ்சு யூரோ. எட்டா, ஏழா? ஒண்ணுதான்."

"கிரிக்கெட்ட கேக்கறியா மொழி?" அவர் என் பெயரைச் சொன்னால் கெஞ்சுகிறார் என்று அர்த்தம். "அந்த ஊர்ல பாஷ தெரியாது, வேல கெடயாது. அதுவும் இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப ஏழக் குடுங்க."

கொடுத்தார். ஏழாவது வரியைச் சிவப்பாக்கினேன். "சிம்ம ஒடச்சிப் போட்டுடுங்க" என்றேன். சரி என்றார். மாமா கொல்லையிலிருந்து திரும்பி வந்து, பேரம் படிந்ததா என்று கேட்டார். "படிஞ்சிது மாமா" என்றேன். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அந்த வரியில் தானும் இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி விமானம். சென்னை விமான நிலையத்தில் பரிதி அத்தையை அழைத்துப் பேசினார். எந்த சிம்மிலிருந்து என்று நான் கவனிக்கவில்லை.

லைப்சிக் வந்த முதல் ஞாயிறு கிரிக்கெட் ஆப்பைத் திறந்தார். இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது என்று எழுதிக் காட்டியது. சந்தா இந்தியாவுக்கு மட்டும். ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு வேறு என்பது எனக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்தான். வருடச் சந்தா, திருப்பித் தர மாட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு என்னென்ன வழிகள் உண்டோ அத்தனையையும் பயன்படுத்தினேன்.

சிக்கனத்தில் நான் கரைகண்டவள் என்ற எண்ணத்தை இரண்டாவது வாரம் ஒரு கடிதம் உடைத்தது. இந்த நாட்டில் வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு ஒரு கட்டணம் உண்டு. மாதம் பதினெட்டு யூரோ முப்பத்தாறு சென்ட். எங்களிடம் டி.வி. இல்லை, ரேடியோவும் இல்லை என்று நான் ஜெர்மனில் பணிவாக எழுதினேன். அதனால் பரவாயில்லை, கட்டுங்கள் என்று அவர்களும் பணிவாகப் பதில் எழுதினார்கள். ரத்து செய்ய முடியாத சந்தா. பரிதி வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நாட்டோடு முழு உடன்பாட்டில் இருந்தார்.

அடுத்தது பயணச் சீட்டு. நாடு முழுக்க டிராம், பஸ், சாதாரண ரயில் எல்லாவற்றுக்கும் மாதம் ஐம்பத்தெட்டு யூரோ. அதுவும் சந்தாதான். மாத முடிவில் நிற்க வேண்டும் என்றால் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். பதினொன்றாம் தேதி செய்தால் அடுத்த மாதமும் பிடித்துவிடுவார்கள். வேலை கிடைக்கும் வரை பரிதிக்கு அது வேண்டாம், நடக்கலாம், சைக்கிள் வாங்கலாம் என்று செப்டம்பர் ஒன்றாம் தேதி முடிவு செய்தோம். ஒன்பதாம் தேதி நினைவூட்டினேன். பதினான்காம் தேதி கேட்டேன்.

"நாளைக்கிப் பண்ணிடறேன்" என்றார்.

அதன் பிறகு மூன்று நாள் எங்கள் வீட்டில் பேச்சு, குழம்பு ஊற்றவா, தயிர் போடவா என்ற அளவில் நின்றது. அந்த நிலையில்தான் செப்டம்பர் பதினேழு, புதன்கிழமை காலை ஏழே கால் மணிக்கு மாமா அழைத்தார். எனக்கு மதியம்தான் ஷிப்ட். ஊரில் பத்தே முக்கால்.

"பரிதி, நாப்பத்திநாலு எழுபத்தொண்ணு யாரோட நம்பருடா?"

பின்னால் சத்தம், ஆள் நடமாட்டம். மாமா அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். குறுவை அறுத்து நாலு நாள் ஆகிறது. நெல் அங்கே களத்தில் தார்ப்பாயின் கீழ் குவிந்து கிடக்கிறது. சுமார் ஐந்து டன். நிலத்துக்கான சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் எல்லாம் கையில். ஆனால் ஆதாரை வைத்து இவர்தான் இவர் என்று பதிவு செய்தால்தான் டோக்கன். டோக்கன் வந்தால்தான் எடை. கைரேகை வைத்திருக்கிறார். விழவில்லை. மறுபடி, மறுபடி. எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறார். விழவில்லை. போன தாளடி அறுவடை வரை எப்படியோ விழுந்துகொண்டிருந்த ரேகை, நாற்பது வருடம் வரப்பு வெட்டிய விரலிலிருந்து இந்தப் பருவத்தோடு விடைபெற்றுவிட்டது.

கண்ணை வைத்துப் பார்க்கும் கருவி அங்கே இல்லை. மிச்சம் ஒரே வழி, ஆதாரோடு சேர்த்த கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்புவது. பட்டியல் எழுத்தர் பஞ்சநதம் திரையைப் பார்த்துச் சொன்னார், நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் 4471 என்று.

"என் பட்டன் போனு நம்பரு அது இல்லயே" என்றார் மாமா. "யாரோடது?"

நான் பரிதியைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். அதே நெற்றிச் சுருக்கம், ஆனால் இந்த முறை ஞாபகம் வந்துவிட்டது.

"இ-சேவை மையத்துல..." என்றார் மெதுவாக. "ஆறு வருஷம் முந்தி. அப்பாவுக்கு அப்ப போனே இல்ல. என் நம்பரக் குடுத்தேன்."

ஏழாவது வரி.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் முதல் எண்ணம் நெல்லைப் பற்றி இல்லை. நான் கேட்டேன், அவர் சொல்லவில்லை, ஆகவே இது என் தப்பு இல்லை என்பதுதான். இரண்டாவது எண்ணம், மாமா பேரில் உள்ள கூட்டுறவுப் பயிர்க்கடன். மூன்றாவதாக, போனைக் கையில் வாங்கி, "மாமா, அங்க மழ இருக்கா?" என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி தூத்தல் போட்டுச்சும்மா. ஈரப்பதம் பதினாறற காட்டுது. பதினேழு வரைக்கும்தான் எடுப்பாங்க. நாளைக்கி மழன்னு சொல்றாங்க. யாவாரி ஒத்தரு வந்து நிக்கிறாரு, மூட்டைக்கி இருநூறு கொறச்சி எடுத்துக்கறேங்கறாரு."

"குடுத்துடாதீங்க மாமா. ஒரு மணி நேரம் இருங்க."

ஒரு மணி நேரத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நர்ஸ்கள் அப்படித்தான் சொல்வோம்.

மாமாவின் மகள் சுடர்விழி அன்று மயிலாடுதுறை வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். எண் அண்ணனுடையது என்று தெரிந்த கால் மணி நேரத்தில் அவள் பாதி ஊரைக் கேட்டு முடித்தாள். ஆதாரில் எண்ணை மாற்றலாம், ஆனால் பதிவாகிப் புது எண்ணுக்கு வரப் பல நாள் ஆகலாம் என்று இ-சேவை மையம் சொன்னது. நகல் சிம் வாங்கலாமா என்று கைபேசிக் கடையில் கேட்டாள். யார் பேரில் இருக்கிறதோ அவரே நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்றார்கள். விரல் லைப்சிக்கில் இருக்கிறது.

"அண்ணி, அந்த நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன். உபயோகத்தில் இல்லங்குது."

"செத்துடுச்சா, படுத்திருக்கா?"

இது அற்பமான கேள்வி இல்லை. ரீசார்ஜ் முடிந்தால் முதலில் நாம் அழைப்பது நிற்கும், பிறகு நமக்கு வருவதும் நிற்கும். ஆனால் எண் நம் பேரில்தான் இருக்கும். தொண்ணூறு நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால்தான் பறிப்பார்கள். அதன் பிறகு பதினைந்து நாள் சலுகை, அப்புறம் அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும். கணக்கில் இருபது ரூபாய் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முப்பது நாள் தாமாகவே காப்பாற்றியிருப்பார்கள். என் கணவர் விட்டு வைத்திருந்தது ஏழு ரூபாய்.

"கடைசியா எப்ப உபயோகப்படுத்தினீங்க?"

"ஏர்போர்ட்டுல. அம்மாவுக்குப் பேசினேன். பேக் முடியறதுக்குள்ள பேசிடுவோமேன்னு."

ஜூன் இருபத்திரண்டு. விரல் விட்டு எண்ணினேன். அன்று எண்பத்தேழாவது நாள்.

அந்தக் கணம் எனக்கு நிம்மதி வந்தது. அடுத்த கணம் போயிற்று. "சிம்மத்தான் ஒடச்சிப் போட்டாச்சே!" என்றேன். நான் சொல்லித்தானே உடைத்தார். நான் எழுதி, நான் சிவப்பாக்கி, நான் உடைக்கச் சொன்னது.

பரிதி அலமாரிக்குப் போனார். பாஸ்போர்ட் பையை எடுத்தார். மஞ்சள்காமாலைத் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் செல்லோடேப் ஒட்டிய ஒரு சின்னக் காகித மடிப்பு. அதற்குள் சிம்.

"ஒடச்சிட்டேன்னு சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன். ஒடச்சிட்டேன்னு சொல்லல."

அதோடு இன்னும் எதையெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார் என்று பார்க்க அன்றைக்கு நேரமில்லை. வேறொரு நாள் பார்த்தேன். தஞ்சாவூர் பஸ் பாஸ் இரண்டும், மூடிய வங்கிக் கணக்கின் ஏ.டி.எம். கார்டும் இருந்தன.

சிம் எங்கள் கையில், நெல் களத்தில். இடையில் வேலை இருந்தது. ரீசார்ஜ் யார் வேண்டுமானாலும் யாருக்கும் செய்யலாம். சுடர்விழி தன் போனிலிருந்தே நூற்றுத் தொண்ணூற்றொன்பது போட்டாள். பரிதி தன் முதல் சிம்மைக் கழற்றி 4471-ஐச் செருகினார். சேவை இல்லை என்றது. ரோமிங் திறக்கவில்லையே. திறப்பதற்குக் கம்பெனி ஆப்புக்குள் போக வேண்டும். போனால், உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்த எண்ணுக்கு? சேவை இல்லாத 4471-க்கு. சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியவர்கள் கூட இவ்வளவு நிதானமாகப் பேச மாட்டார்கள்.

"வெளிநாட்டு பேக்கு ஒண்ணு போட்டா ரோமிங் தானா தொறந்துக்குமாம் அண்ணி" என்றாள் சுடர்விழி. கடைக்காரரைப் போனில் வைத்துக்கொண்டே பேசினாள். "பத்து நாளைக்கி ரெண்டாயிரத்தி தொள்ளாயிரத்துச் சொச்சம். ஒரு நாளுன்னா அறுநூத்திச் சொச்சம். எதப் போட?"

"பத்து நாள்" என்றார் பரிதி.

"ஒரு நாள்" என்றேன் நான். இந்த நிலையிலும்.

ஒரு நாள் போட்டாள். போனை அணைத்துப் போட்டோம். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பரிதி ஜன்னலோரம் போய் போனைத் தூக்கிப் பிடித்தார். அங்கே என்ன, பக்கத்து வீட்டுக் கூரையில் இந்திய செல்போன் கோபுரமா இருக்கிறது? ஆனால் அங்கே போனதும் கோடு வந்தது. ஒன்று, பிறகு மூன்று.

முதல் செய்தி: ஜெர்மனிக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். மூன்று மாதம் கழித்து. இரண்டாவது, ரோமிங் கட்டண விவரம். மூன்றாவது, திருமணத் தகவல் மையம். உங்கள் உறுப்பினர் காலம் முடிந்துவிட்டது, ஆறு புதிய வரன்கள் காத்திருக்கிறார்கள், இன்றே புதுப்பியுங்கள்.

"அந்த நம்பர யாரு யாருகிட்ட குடுத்தீங்கன்னு இப்ப ஞாபகம் வருதா?" என்றேன்.

"மொழி, அப்பறம்" என்றார்.

பஞ்சநதம் ஓ.டி.பி. அனுப்பினார். நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை. "வரலன்னா மறுபடி அழுத்தறேன்" என்றார், அழுத்தினார். அழுத்திய அடுத்த நொடி முதலாவது வந்துவிட்டது. பரிதி கத்திப் படித்தார். சுடர்விழி திருப்பிக் கத்தினாள். தவறு என்றது திரை. மறுபடி அனுப்பச் சொன்னால் பழையது செல்லாது. புதியது வரும் வரை பொறுக்க வேண்டும். செய்திகளுக்கு இது புரியாது, அவை வரிசையில் வரும்.

"சார், இனிமே அழுத்தாதீங்க சார்" என்று போனில் கெஞ்சினேன். "பத்து நிமிஷம் செல்லும் சார் அது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"யாரும்மா அது?"

"மருமவ. ஜெர்மனிலேர்ந்து" என்றார் மாமா.

"ஜெர்மனிலேர்ந்தா ஓ.டி.பி. வருது?" என்றார் பஞ்சநதம். வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சாமிதொர அண்ணே, உங்க நெல்லு கப்பல்ல ஏத்தி ஜெர்மனிக்கே அனுப்பற ரேஞ்சுல இருக்கு போங்க."

நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் பரிதி கையை இறக்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் போனை வெளியே நீட்டியபடி, தலையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு நின்றார். எதிர் வீட்டுக் கிழவி கையை அசைத்தாள். இவர் இன்னொரு கையை அசைத்தார்.

வந்தது. ஆறு இலக்கம். ஒவ்வொன்றாகப் படித்தார், ஒவ்வொன்றாக அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு மாமாவின் குரல்.

"பச்ச டிக்கு வந்துடுச்சும்மா."

டோக்கன் மறுநாள் காலைக்கு. அதுவும் குறுஞ்செய்தியாக 4471-க்குத்தான் வந்தது. பத்து நாள் பேக் போட்டிருக்கலாம் என்று பரிதி சொல்லவில்லை. அவர் பார்வை சொன்னது. டோக்கன் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினோம். மறுநாள் பதினொரு மணிக்குள் எடை போட்டு முடித்தார்கள். நாற்பது கிலோ சாக்கில் நூற்றுப் பதினெட்டு மூட்டை. குவியலின் அடியில் தூறல் இறங்கிய ஏழு மூட்டை அளவுக்கு நெல்லை ஈரப்பதம் கூடுதல் என்று எடுக்கவில்லை. அதை அன்று மதியம் ரோட்டில் காயப்போட்டபோதுதான் மழை வந்தது. அது வியாபாரியிடமே போனது, அவர் கேட்ட விலைக்கு.

மாமா மாலையில் அழைத்தார். எனக்குப் பயம். போனைப் பரிதியிடமே கொடுத்திருக்கலாம். எடுத்தேன்.

"தப்பு என்னோடது மாமா" என்றேன். "அந்த சிம்ம வேணாம்னு சொன்னது நாந்தான். ஏழு மூட்ட போச்சு."

"போனது ஏழு. நூத்திப் பதினெட்டு ஏறிடுச்சு. அத விடு" என்றார். "அன்னிக்கி நான் அங்கதானே உக்காந்திருந்தேன்? கொல்லப்பக்கத்துலேர்ந்து வந்து பேரம் படிஞ்சிதான்னு கூடக் கேட்டேன். மாமா, இந்த நம்பரு உங்களுக்கு எதுக்காவது ஆவுதான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா..."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா மாமா?"

யோசித்தார்.

"தெரிஞ்சிருக்காதுதான்" என்றார். "ஆனா கேட்டிருக்கலாம்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கல்யாண ஆபீசுக்காரன் இன்னம் காசு எடுக்கறானா?" என்று கேட்டார். பின்னால் அத்தை ஏதோ சத்தம் போட்டார். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

ஏழாவது வரியைப் பச்சையாக்கினேன். பக்கத்தில் ஒரு புதுப் பத்தி சேர்த்தேன், யாருக்காக என்று தலைப்புப் போட்டு. ஏழாவதற்கு எதிரே மாமா என்று எழுதினேன். எழுதிவிட்டு மற்ற வரிகளையும் நிரப்பப் போனேன். வீட்டு டி.டி.எச்.சுக்கு எதிரே அத்தை. ரத்து செய்தவற்றில் பாதிக்கு எதிரே என்ன எழுதுவதென்று எனக்கே தெரியவில்லை. இன்னும் எந்த ரசீது, எந்தப் பத்திரம், யாருடைய ஆதார் எந்த எண்ணில் தொங்குகிறது என்ற கவலை அன்று பிடித்தது, இன்றும் விடவில்லை. சுடர்விழி அடுத்த வாரமே மாமாவை அழைத்துப் போய், ஆதாரில் அவருடைய பட்டன் போன் எண்ணைப் பதிய விண்ணப்பித்தாள். அது ஏறும் வரை 4471 உயிரோடு இருக்க வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றொன்பது, இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை.

கிரிக்கெட் ஆப்பின் ஆட்டோபேயைப் பரிதி தானே போய் ரத்து செய்தார். நான் கேட்காமல். நான் நம்பவில்லை, எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். பயணச் சீட்டையும் அக்டோபர் ஒன்பதாம் தேதி ரத்து செய்தார், பத்தாம் தேதிக்கு ஒரு நாள் முன்னால். இந்த வேகத்தில் குணமாகிவிடுவாரோ என்று எனக்குச் சற்றுப் பதற்றமாகவே இருக்கிறது. உடைக்கச் சொன்னதை எல்லாம் உடைத்திருந்தால் அன்று ஐந்து டன் நெல்லும் மழையில் கிடந்திருக்கும். அவர் என்னிடம் மறைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அன்றே தோன்றியது.

சொல்லவில்லை. ஒரு முறை சொன்னால் அவர் மறைப்பதை நிறுத்த மாட்டார்.